ரீஃபண்ட் ரூல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, காஸ் எஃபெக்ட் கிராஃப் போட்டால் டெஸ்ட் கேஸ் நிஜமாகவே குறையுமா?

தேன்மொழி_கோவை

ஆம்னி பஸ் டிக்கெட் விற்கும் ஒரு தளத்துக்கு டெஸ்டிங் செய்கிறேன். டிக்கெட்டை கேன்சல் செய்தால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்ற பகுதி என் தலையில்.

ரூல்கள் இவை. பஸ் கிளம்ப 24 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் முழுப் பணம். 24க்குக் கீழே, ஆனால் 6 மணி நேரமாவது இருந்தால் பாதி. 6க்கும் கீழே போய்விட்டால் ஒன்றும் கிடையாது. பொங்கல், தீபாவளி ஆஃபரில் வாங்கிய டிக்கெட்டுக்கு எப்போதுமே ரீஃபண்ட் இல்லை. கூடுதலாகப் பணம் கட்டி ஃப்ரீ கேன்சலேஷன் (நாங்கள் எஃப்சி என்போம்) வாங்கியிருந்தால் 6 மணி நேரம் இருக்கும்வரை முழுப் பணம். ஆபரேட்டரே ட்ரிப்பை ரத்து செய்தால் எந்த நேரமாக இருந்தாலும் முழுப் பணம். வாலட்டில் கட்டியிருந்தால் வாலட்டுக்கே உடனே போகும், இல்லாவிட்டால் வங்கிக் கணக்குக்கு.

இதற்கு எங்களிடம் ஏற்கனவே இருபதுக்கும் மேல் டெஸ்ட் கேஸ் இருக்கிறது, எல்லாம் பச்சை. அப்படியும் போன மாதம் ஒரு கஸ்டமர் ஆஃபர் டிக்கெட் வாங்கி, அதற்கு எஃப்சியும் எடுத்து, 30 மணி நேரம் முன்னாலேயே கேன்சல் செய்து, ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று புகார் கொடுத்திருக்கிறார். லீட் இப்போது "எல்லா காம்பினேஷனும் போடு" என்கிறார். அது எத்தனை என்று எண்ணவே பயமாக இருக்கிறது. கிராஃப் போட்டால் குறையும் என்று எங்கோ படித்தேன். யாராவது நிஜமாகவே போட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

பட்டறை_ராஜா

நாங்கள் ஃபவுண்டரியில் மாதா மாதம் போடுகிறோம். மீன் முள் மாதிரி ஒரு கோடு இழுத்து ஆள், மெஷின், மெட்டீரியல், முறை என்று கிளை பிரித்து ஒவ்வொன்றிலும் காரணம் எழுதிக்கொண்டே போக வேண்டும். உங்கள் பக் எந்தக் கிளையில் விழுகிறது என்று டீமாக உட்கார்ந்து பேசினால் வந்துவிடும்.

முகில்வண்ணன்

ராஜா சார், நீங்கள் சொல்வது இஷிகாவா படம், கோளாறு வந்த பிறகு காரணம் தேடுவதற்கு. தேன்மொழி கேட்பது வேறு. இதில் காரணம் என்பது உள்ளீட்டு நிபந்தனை, விளைவு என்பது சிஸ்டம் செய்ய வேண்டியது, இரண்டையும் லாஜிக் சர்க்யூட் மாதிரி இணைக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் எல்மென்டார்ஃப் என்பவர் கொண்டுவந்தது. ஹார்டுவேர் ஆட்கள் சர்க்யூட்டைச் சோதிக்க வைத்திருந்த வித்தையை சாஃப்ட்வேர் ரூலுக்குத் திருப்பினார், அவ்வளவுதான். மெயின்ஃப்ரேம் காலத்தில் நான் பெரிய சார்ட் பேப்பரில் பென்சிலால் போட்டிருக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை பயத்தைத் தீர்த்துவிடுவோம். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய வாக்கியங்களாக உடைத்தால் ஆறு காரணம் வருகிறது. கா1: 24 மணி அல்லது மேல். கா2: 6 முதல் 24க்குள். கா3: ஆபரேட்டர் ரத்து. கா4: ஆஃபர் டிக்கெட். கா5: எஃப்சி உண்டு. கா6: வாலட். ஆறு என்றால் 64 காம்பினேஷன். கா1ம் கா2ம் சேர்ந்து உண்மையாக முடியாது, அதில் 16 போய்விடும். மிச்சம் 48. உங்கள் லீட் கேட்பது இந்த 48ஐத்தான்.

விளைவுகள் ஐந்து. வி1 முழுப் பணம், வி2 பாதி, வி3 ஒன்றுமில்லை, வி4 வாலட்டுக்கு, வி5 வங்கிக்கு. நடுவில் வரும் முனைகளை இ1, இ2 என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தை இங்கே வரைய முடியாது, எழுத்தில் தருகிறேன்.

```
இ1  = கா1 OR கா2
இ2  = கா5 AND இ1
இ3  = கா1 AND NOT கா4
இ4  = கா2 AND NOT கா4 AND NOT கா5
வி1 = கா3 OR இ2 OR இ3
வி2 = இ4 AND NOT கா3
வி3 = NOT (வி1 OR வி2)
இ5  = வி1 OR வி2
வி4 = இ5 AND கா6
வி5 = இ5 AND NOT கா6
```

இதை எழுதும்போதே ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. ஆஃபர் டிக்கெட்டுக்கு "எப்போதுமே ரீஃபண்ட் இல்லை" என்கிறீர்கள். எஃப்சி இருந்தால் "முழுப் பணம்" என்கிறீர்கள். இரண்டும் இருந்தால்? நான் எஃப்சி ஜெயிக்கும் என்று வைத்து இ2வில் கா4ஐச் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். அது என் ஊகம்தான். ஸ்பெக்கில் என்ன போட்டிருக்கிறது? அதைச் சொல்லுங்கள், அதற்கு முன் டெஸ்ட் எழுத வேண்டாம்.

ஜாவா_சுரேஷ்

இவ்வளவு எதற்கு? டிசிஷன் டேபிள் போட்டால் போதுமே. ரூலுக்கு ஒரு நெடுவரிசை, சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு கோடு. ஏழெட்டு நெடுவரிசையில் முடிந்துவிடும். இல்லையென்றால் பேர்வைஸ் டூலில் தூக்கிப் போடுங்கள், பத்துக்குள் வரும். கிராஃப் எல்லாம் பரீட்சைக்குப் படிப்பது, நிஜத்தில் யாரும் போடுவதில்லை.

தேன்மொழி_கோவை

முகில் அண்ணா, ஸ்பெக்கில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ப்ராடக்ட் ஓனரிடம் கேட்டேன், அவர் முதலில் "ஆஃபர் என்றால் கிடையாதுதான்" என்றார். அப்புறம் புக்கிங் ஸ்க்ரீனைக் காட்டினேன், ஆஃபர் டிக்கெட்டுக்கும் எஃப்சி டிக் பாக்ஸ் வருகிறது, பணமும் வாங்குகிறோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "பணம் வாங்கியாச்சு, அப்போ கொடுத்துத்தான் ஆகணும்" என்று மெயிலில் எழுதியே கொடுத்துவிட்டார். ஆக உங்கள் இ2 சரி.

அப்புறம் கோடைப் பார்த்தேன். முழு ரீஃபண்ட் முடிவு செய்யும் இடம் இப்படி இருக்கிறது:

```python
def full_refund(t):
    if t.operator_cancelled:
        return True
    if t.hours_left >= 24 and not t.is_offer:
        return True
    return t.has_fc and not t.is_offer and t.hours_left >= 6
```

கடைசி வரியில் `not t.is_offer` ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெவலப்பர் ஆஃபர் ரூலைப் படித்துவிட்டு எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார், அவரையும் குறை சொல்ல முடியாது. எனக்குப் புரியாதது, எஃப்சிக்கு என்றே எங்களிடம் நான்கு டெஸ்ட் இருந்தும் ஏன் ஒன்றுகூட விழவில்லை என்பதுதான்.

முகில்வண்ணன்

அந்த நான்கிலும் ஆஃபர் "இல்லை" என்று இருக்கும், பாருங்கள். அதில் பாதிக்கு மேல் 24 மணி நேரத்துக்கு மேலும் இருக்கும்.

தேன்மொழி_கோவை

நான்கிலும் ஆஃபர் இல்லை. மூன்றில் 48 மணி நேரம், ஒன்றில் 12. கைரேகை பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்!

முகில்வண்ணன்

இதுதான் சுரேஷ் தம்பிக்கும் பதில். டிசிஷன் டேபிள் தப்பில்லை, கிராஃபின் கடைசிப் படியும் டிசிஷன் டேபிள்தான். ஆனால் நேரடியாக டேபிள் எழுதினால் என்ன ஆகிறது? "எஃப்சி உண்டு, 6 மணிக்கு மேல், முழுப் பணம், ஆஃபர் சம்பந்தமில்லை" என்று ஒரு நெடுவரிசை வரும். டெஸ்ட் ஓட்டும்போது ஆஃபர் இடத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டுத்தானே ஆக வேண்டும். நாம் பழக்கத்தில் சாதாரண டிக்கெட்டைப் போடுவோம், நேரத்துக்கு 48 என்று தாராளமாகப் போடுவோம். 48 மணி நேரம், ஆஃபர் இல்லை என்றாலே இ3 உண்மையாகிவிடுகிறது. முழுப் பணம் இ3 வழியாகவே வந்துவிடும். இ2 செத்துக் கிடந்தாலும் டெஸ்ட் பச்சைதான். எஃப்சி கொடியையே படிக்காத கோடு எழுதியிருந்தாலும் அந்த மூன்று டெஸ்டும் பாஸ் ஆகியிருக்கும்.

கிராஃபின் சாரமே இந்த இடத்தில்தான். விளைவிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். வி1 என்பது 'அல்லது' முனை, மூன்று கால்: கா3, இ2, இ3. அது 1 ஆக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் 1 ஆக்கு, மற்ற இரண்டையும் 0வில் பிடித்து வை. இரண்டு கால் சேர்ந்து 1 ஆக விட்டால் ஒன்றின் கோளாறை மற்றது மறைத்துவிடும். 'மற்றும்' முனையில் தலைகீழ். அது 0 ஆக வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் 0 ஆக்கி மற்ற எல்லாவற்றையும் 1ல் வைத்துப் பார்க்க வேண்டும், அப்போதுதான் அந்த ஒன்று உண்மையிலேயே தடுக்கிறதா என்று தெரியும்.

இப்போது இ2 காலை மட்டும் தனியாக எழுப்பிப் பாருங்கள். கா5 வேண்டும், இ1 வேண்டும், இ3 கூடாது. இ1ஐக் கா1 வழியாகக் கொண்டுவந்தால் இ3ஐ 0வில் வைக்க ஒரே வழி கா4ஐ 1 ஆக்குவதுதான். அதாவது 24 மணிக்கு மேல், ஆஃபர் டிக்கெட், எஃப்சி உண்டு. உங்கள் கஸ்டமர் கொடுத்த புகாரே அச்சு அசலாக வந்து நிற்கிறது. அதை நாம் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, கிராஃப் வேறு வழி விடவில்லை.

பேர்வைஸ் பற்றி. எந்த இரண்டு நிபந்தனையும் ஒரு முறையாவது சேர்ந்து வரும் என்றுதான் அது உறுதி தருகிறது. இந்த பக் தெரிய வேண்டுமென்றால் ஆஃபர் உண்டு, எஃப்சி உண்டு, 6 மணிக்கு மேல், ஆபரேட்டர் ரத்து இல்லை என்று நான்கும் ஒரே வரிசையில் வர வேண்டும். டூல் ஆஃபரையும் எஃப்சியையும் சேர்த்த வரிசையில் ஆபரேட்டர் ரத்து "ஆம்" என்று விழுந்திருந்தால் முழுப் பணம் வரும், பச்சை காட்டும். விழுவதும் விழாததும் அதிர்ஷ்டம். தவிர, பேர்வைஸ் எதிர்பார்க்கும் முடிவைச் சொல்லாது, அதை நீங்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

ஜாவா_சுரேஷ்

கோடு போட்ட கட்டத்தில் என்ன போடுவது என்ற விஷயம் ஒத்துக்கொள்கிறேன், நான் அப்படி யோசித்ததில்லை. ஆனால் பேர்வைஸை மூன்று மூன்றாக, நான்கு நான்காகவும் ஓட்டலாம். நான்கு வைத்தால் இது கண்டிப்பாக மாட்டும்.

முகில்வண்ணன்

மாட்டும். ஆனால் உங்களுக்கு நேரத்துக்கு மூன்று நிலை, மற்ற நான்கும் இரண்டிரண்டு நிலை. மொத்தமே ஐந்து அம்சம். அதில் நேரத்தையும் மற்ற மூன்றையும் எடுத்தாலே 3 × 2 × 2 × 2, குறைந்தது 24 வரிசை. 48ல் பாதி. சரி, இனி முழு செட்டையும் எழுதிவிடுகிறேன். 0 என்றால் இல்லை, 1 என்றால் ஆம், இதில் "சம்பந்தமில்லை" என்பதே கிடையாது.

```
எண்  நேரம்   ரத்து  ஆஃபர்  எஃப்சி  வாலட்  வர வேண்டியது
1    24:00   0      0      0       0      முழு, வங்கி
2    23:59   0      0      0       1      பாதி, வாலட்
3    05:59   0      0      0       0      இல்லை
4    30:00   0      1      0       1      இல்லை
5    10:00   0      1      0       0      இல்லை
6    30:00   0      1      1       0      முழு, வங்கி
7    06:00   0      0      1       1      முழு, வாலட்
8    05:59   0      0      1       0      இல்லை
9    10:00   1      0      0       0      முழு, வங்கி
```

ஒன்பது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கோளாறுக்காகவே நிற்கிறது. 4ஐ எடுத்துவிட்டால், 24 மணிக்கு மேல் ஆஃபர் டிக்கெட்டுக்கும் பணம் கொடுக்கும் கோடு தப்பித்துவிடும். 5ஐ எடுத்தால் அதே தப்பு பாதிப் பண ரூலில் தப்பிக்கும். 8ஐ எடுத்தால் எஃப்சிக்கு நேரமே பார்க்காத கோடு தப்பிக்கும். உங்கள் கோடில் இருக்கும் பக் 6ல் மட்டும்தான் விழும், மற்ற எட்டும் பாஸ். வேண்டுமானால் ஓட்டிப் பாருங்கள்.

9ல் ஒரு சின்ன வேலை செய்திருக்கிறேன். ஆபரேட்டர் ரத்தை நிரூபிக்க எந்த நேரத்தை எடுத்தாலும் சரி, இ2வும் இ3யும் 0வாக இருந்தால் போதும். அதே சமயம் வி2வில் "NOT கா3" இருக்கிறது, அதைச் சோதிக்க இ4 உண்மையாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே டெஸ்டில் முடிக்க 10 மணி நேரத்தை எடுத்தேன். பாதிதான் கிடைக்க வேண்டிய டிக்கெட், ஆபரேட்டர் ரத்து செய்ததால் முழுதாக வருகிறது. வாலட்டுக்குத் தனி டெஸ்ட் எழுதவில்லை, பணம் வரும் கேஸ்களிலும் வராத ஒரு கேஸிலும் கலந்துவிட்டேன்.

ஹேமா_ஓஎம்ஆர்

24:00, 23:59, 06:00, 05:59 எல்லாம் கிராஃபிலிருந்தா வருகிறது?

முகில்வண்ணன்

இல்லைம்மா, அது என் கைச்சரக்கு. கிராஃபுக்குக் கா1 உண்மையா பொய்யா என்பது மட்டும்தான் தெரியும், 24 என்ற எண்ணே தெரியாது. `>=` போட வேண்டிய இடத்தில் `>` போட்டிருந்தால் கிராஃப் வாயைத் திறக்காது. எப்படியும் ஒரு நேரத்தைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும், அதை எல்லையிலேயே கொடுத்துவிட்டால் டெஸ்ட் எண்ணிக்கை கூடாமல் எல்லையும் சோதனையாகிவிடும். 30, 10 என்று விட்ட இடங்கள் எல்லை முக்கியமில்லாத இடங்கள். அதிலும் எல்லையை வைத்தால் ஒன்று விழும்போது ரூல் தப்பா எல்லை தப்பா என்று குழம்பும்.

நித்யா_டெஸ்ட்ஸ்

நானும் நேற்று இரவு உட்கார்ந்து இதே கிராஃபைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஏழுதான் வந்தது! உங்கள் பட்டியலில் 3ம் 8ம் எனக்கு வரவே இல்லை. இன்னும் சுருக்கமாக வந்திருப்பதால் என்னுடையது சிறந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

முகில்வண்ணன்

கா1, கா2 இரண்டுக்கும் இடையில் என்ன கட்டுப்பாடு போட்டீர்கள்?

நித்யா_டெஸ்ட்ஸ்

O. இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்கும்?

முகில்வண்ணன்

அதுதான் 3ஐயும் 8ஐயும் சாப்பிட்டது. O என்றால் சரியாக ஒன்று உண்மையாக இருந்தே ஆக வேண்டும், இரண்டும் பொய் என்பது நடக்காத காரியம் என்று கிராஃபிடம் சொல்லிவிட்டீர்கள். ஆனால் 6 மணிக்குக் கீழே என்பதே இரண்டும் பொய்யான நிலைதான். இங்கே வேண்டியது E, அதிகபட்சம் ஒன்று உண்மை, ஒன்றுமே உண்மையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நல்லபடியாகச் செய்த கிராஃபையும் இந்த ஒரு எழுத்து கவிழ்த்துவிடும், அதுவும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல், டெஸ்ட் குறைந்ததே என்று சந்தோஷமாக வேறு இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கட்டுப்பாடுகளைப் போட்ட பிறகு மிஞ்சும் காம்பினேஷனை எண்ணுங்கள். E போட்டால் 48, O போட்டால் 32. அந்த வித்தியாசமான 16ல் ஏதாவது ஒன்றை எடுத்து, "இது நிஜத்தில் நடக்குமா?" என்று கேளுங்கள். நடக்கும் என்றால் கட்டுப்பாடு தப்பு.

மூன்றாவது நிலையையும் தனிக் காரணமாக எழுதியிருந்தால் O சரி. நான் சோம்பேறித்தனத்தில் இரண்டோடு நிறுத்தினேன்.

கடன்பிரிவு_குமரன்

நான் வங்கி ஆப் டெஸ்டிங். எங்கள் ரூல்: ஓடிபி மூன்று தடவை தப்பாகப் போட்டால் கணக்கு லாக், 30 நிமிடம் கழித்துத் திறக்கும், அதற்குள் கஸ்டமர் கேர் திறந்துவிட்டால் எண்ணிக்கை பூஜ்யம். இதற்கு கிராஃப் போட முயற்சி செய்தேன், 'முதல் தடவை தப்பு', 'இரண்டாம் தடவை தப்பு' என்று காரணம் போட்டுக்கொண்டே போய் அசிங்கமாகிவிட்டது.

முகில்வண்ணன்

அது கிராஃபுக்கான வேலையே இல்லை குமரன். கிராஃபுக்கு ஞாபகம் கிடையாது, இந்தக் கணத்தில் எது உண்மை என்பதை மட்டும் பார்க்கும். வரிசை, எண்ணிக்கை, காத்திருப்பு வந்துவிட்டால் ஸ்டேட் ட்ரான்சிஷன் படம் போடுங்கள். லாக் ஆகி இருக்கிறதா என்பதை மட்டும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு, "லாக், ஆனால் பயோமெட்ரிக் உண்டு, தொகை சிறியது" மாதிரி ரூல் இருந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் கிராஃப் உதவும்.

ராணிப்பேட்டை_ராவ்

9ஆம் டெஸ்ட் எனக்கு உறுத்துகிறது. ரூல் "எந்த நேரமாக இருந்தாலும்" என்கிறது. நீங்கள் 10 மணி நேரத்தில் மட்டும் சோதிக்கிறீர்கள். டெவலப்பர் மேலேயே `if hours_left < 6: return 0` என்று போட்டு, அதற்குக் கீழே ஆபரேட்டர் ரத்தைப் பார்த்தால் என்ன ஆகும்? ஒன்பதும் பாஸ், ஆனால் பஸ் கிளம்ப 2 மணி நேரம் இருக்கும்போது ஆபரேட்டர் ரத்து செய்தால் கஸ்டமருக்கு நாமம். நிஜத்தில் ஆபரேட்டர்கள் ரத்து செய்வதே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

முகில்வண்ணன்

நியாயமான அடி. அந்தக் கோடை இந்த ஒன்பது பிடிக்காது. 'அல்லது' முனையில் கா3 எழும்போது மற்ற இரண்டு காலும் 0வாக இருக்க ஒரு வழி காட்டினால் போதும் என்பது இந்த முறையில் இருக்கும் சிக்கனம். ஒரு முனையில் ஒரு கோளாறு என்று கணக்கு வைத்து உருவானது அது. ரூலில் இல்லாத ஒரு குறுக்கு வழியை டெவலப்பர் புதிதாகப் போட்டால் அதற்கு உத்தரவாதம் இல்லை. நானாக இருந்தால் 05:59, ரத்து 1, மற்றதெல்லாம் 0 என்று பத்தாவதாக ஒன்று சேர்ப்பேன். ஆனால் அது கிராஃப் கொடுத்ததல்ல, தொழில் தெரிந்ததால் சேர்ப்பது.

ராணிப்பேட்டை_ராவ்

அப்படியென்றால் சுருக்கமான செட் என்று பெருமைப்படுவதில் கொஞ்சம் மாயம் இருக்கிறது. இப்படி ஒவ்வொருவரும் ஒன்று சேர்த்தால் மறுபடி இருபது ஆகிவிடும்.

முகில்வண்ணன்

ஆகலாம். ஆனால் இந்த இருபதில் எது எதற்காக இருக்கிறது என்று தெரியும். பழைய இருபதில் இந்த 6ஆம் டெஸ்ட் இல்லை, அதே சமயம் ஒரே வேலையைச் செய்யும் எஃப்சி டெஸ்ட் மூன்று இருந்தது.

பிரபா_ஆட்டோ

நான் கார் ஈசியூ சாஃப்ட்வேர் பக்கம். ஒன்றை மட்டும் மாற்றி முடிவு மாறுகிறதா என்று பார்ப்பது எங்கள் எம்சிடிசி மாதிரியே இருக்கிறதே. கவரேஜ் டூலே விடுபட்டதைக் காட்டிவிடுமே, கிராஃப் எதற்கு?

முகில்வண்ணன்

அண்ணன் தம்பிதான் இரண்டும். ஆனால் அது கோடில் இருக்கும் நிபந்தனையை அளக்கிறது. தேன்மொழியின் கோடில் `not t.is_offer` தப்பாக இருக்கிறது. எஃப்சி உள்ள ஆஃபர் டிக்கெட்டுக்கு ஒன்றும் வராது என்று ஒரு டெஸ்ட் எழுதினால் எம்சிடிசி அந்த நிபந்தனையும் கவர் ஆகிவிட்டது என்று திருப்தியாகச் சொல்லும். வர வேண்டியது என்ன என்பது ரூலிலிருந்துதான் வர வேண்டும்.

ஹேமா_ஓஎம்ஆர்

ஆறு காரணத்துக்கே இவ்வளவு பேச்சு. எங்கள் இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் நாற்பது நிபந்தனை. சார்ட் பேப்பர் பத்தாது, சுவர் வேண்டும்.

முகில்வண்ணன்

நாற்பதை ஒரே படத்தில் போடாதீர்கள், நானே ஓடிவிடுவேன். விளைவை வைத்துப் பிரியுங்கள். "பாலிசி உயிரோடு இருக்கிறதா" என்பதற்கு ஒரு கிராஃப், அதன் விளைவை அடுத்த கிராஃபுக்கு ஒரே ஒரு காரணமாகக் கொடுங்கள். தேன்மொழியின் கேஸிலும் வாலட் பகுதி அப்படித்தான், இ5 ஒன்றுதான் இரண்டையும் சேர்க்கிறது. பிரிக்கவே முடியாமல் எல்லாக் காரணமும் எல்லா விளைவிலும் கைவைத்தால் அது வேறு பிரச்சினை, ரூலை எழுதியவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

படத்தைப் பராமரிப்பதும் தலைவலி, மறைக்கவில்லை. நான் இப்போதெல்லாம் படமே வரைவதில்லை, மேலே போட்ட மாதிரி பத்து வரியாக எழுதி டெஸ்ட் கோடுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறேன். ரூல் மாறினால் அந்த வரியைத் தொடும் டெஸ்டை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். படம்தான் வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு, பிசினஸ் ஆட்களுக்கு வரியைவிடப் படம் புரியும் என்பார்கள். எனக்கு அப்படி அனுபவம் இல்லை, படத்தைப் பார்த்ததும் காபிக்குப் போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

தேன்மொழி_கோவை

ஓட்டிவிட்டேன். அண்ணா சொன்ன மாதிரியே 6 மட்டும் விழுந்தது, டெவலப்பர் அந்த `not t.is_offer`ஐ எடுத்ததும் ஒன்பதும் பச்சை. ராவ் சாருடைய பத்தாவதையும் சேர்த்துவிட்டேன், அது பாஸ். லீட் 48ஐ விட்டுவிட்டார்.

ஆனால் இரண்டு புதுச் சிக்கல். ஒன்று, கா1க்கு "பஸ் கிளம்பும் நேரம்" என்று எழுதினோமே, எந்த நேரம்? கிளாம்பாக்கத்தில் இரவு 9 மணிக்குக் கிளம்புகிற மதுரை பஸ்ஸில் ஒருவர் செங்கல்பட்டில் 9:45க்கு ஏறுகிறார். கோடு முதல் ஸ்டாப் நேரத்தை எடுக்கிறது, டிக்கெட்டில் அச்சாவது அவர் ஏறும் நேரம். எல்லையில் நிற்பவருக்கு 45 நிமிடத்தில் பாதிப் பணம் போகும்.

இரண்டாவது, வாலட்டில் கொஞ்சம், மீதி யுபிஐயில் என்று சேர்த்துக் கட்டலாமாம். எனக்கே இன்றுதான் தெரியும். அப்போது கா6 ஆமா, இல்லையா?

முகில்வண்ணன்

முதலாவது ப்ராடக்ட் ஓனர் மேஜைக்கு. முடிவானதும் 1, 2, 3, 7, 8 ஐந்தையும் நடுவில் ஏறும் பயணியை வைத்து ஓட்டுங்கள், புது டெஸ்ட் வேண்டாம்.

இரண்டாவதுக்கு கா6ஐ உடைக்க வேண்டும். கா6: வாலட்டிலிருந்து ஒரு பங்கு வந்தது. கா7: வங்கி அல்லது யுபிஐயிலிருந்து ஒரு பங்கு வந்தது. இரண்டுக்கும் I கட்டுப்பாடு, குறைந்தது ஒன்றாவது உண்மை, இரண்டும் உண்மையாகவும் இருக்கலாம். வி5 இனி "இ5 AND கா7". கேஸ் 2ஐக் கலப்புக் கட்டணமாக மாற்றிவிட்டால் எண்ணிக்கை ஏறாது, வாலட் மட்டும் என்பதற்கு 7 இருக்கிறது.

ராணிப்பேட்டை_ராவ்

மாற்றினால் வர வேண்டியது என்ன என்று எழுதுவீர்கள்? டிக்கெட் 1000 ரூபாய், வாலட் 300, யுபிஐ 700, பாதி என்றால் 500. 150ம் 350ம் ஆகப் பிரிப்பதா, வாலட்டுக்கு முதலில் 300 கொடுத்துவிட்டு மிச்சம் 200ஐ வங்கிக்கு அனுப்புவதா? இரண்டிலும் வி2, வி4, வி5 மூன்றும் 1தான். கிராஃபுக்கு இரண்டும் ஒன்று.

தேன்மொழி_கோவை

இதையும் சேர்த்து மெயில் போட்டிருக்கிறேன். ப்ராடக்ட் ஓனர் "ஃபைனான்ஸைக் கேட்கணும்" என்கிறார், ஃபைனான்ஸ் "இப்போ சிஸ்டம் எப்படிப் பண்ணுது?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறது.